இந்த முத்திரையை யார் கொடுத்தது

பச்சை இலை போட்டுப் பிழைத்தவள் நான். விழுப்புரத்தில் லேபிள் வடிவமைத்து அச்சடித்துக் கொடுக்கும் கடை வைத்து வெகுகாலம் ஆகிறது. ஊறுகாய்க்கு இலை, கேப்பை மாவுக்கு இலை, குளியல் சோப்புக்கு இலை. ஒருமுறை தரை துடைக்கும் திரவத்துக்குக்கூட இரண்டு இலையும் ஒரு நீர்த்துளியும் போட்டுக் கொடுத்தேன். அந்தத் திரவத்தை மோந்து பார்த்தால் மூக்கு எரியும். கேட்டவர் பச்சையாக வேண்டுமென்றார், பச்சையாகச் செய்து கொடுத்தேன். பாவபுண்ணியம் பார்த்தால் கடை வாடகை யார் கொடுப்பது என்று ஒரு தெனாவட்டு அப்போது எனக்கு இருந்தது.

இலையைவிட அதிகமாக ஓடியது முத்திரை. வட்டமாக, ஓரத்தில் பல்சக்கரம் மாதிரி வெட்டு, நடுவில் இரண்டு இலை, சுற்றிலும் ‘100% இயற்கை’ என்ற எழுத்து. பார்த்தால் ஏதோ அரசாங்க அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்கியது போல இருக்கும். நான் பத்து நிமிடத்தில் செய்தது அது. ஒரு மத்தியானம், கரண்ட் போய்விடுமோ என்ற அவசரத்தில் செய்தேன். அதற்குப் பிறகு எத்தனை பொட்டலங்களின் மேல் அது போய் உட்கார்ந்தது என்று எனக்கே தெரியாது.

அக்கா என் கடைக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. திண்டிவனத்துக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர். அவர் ஊரிலும் பக்கத்து ஊரிலுமாக ஒரு பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ரசாயன உரம், பூச்சிமருந்து இல்லாமல் விளைவித்து, மரச்செக்கில் ஆட்டி, எண்ணெயாக விற்கத் தொடங்கியிருந்தார்கள். அக்காதான் குழுவுக்குத் தலைவி. கையில் ஒரு பழைய பாட்டில், அதில் பொன்னிறமாக எண்ணெய், லேபிள் இல்லாமல் மொட்டையாக.

“இதுக்கு ஒரு லேபிள் போட்டுக் குடு. என்னா எழுதணும்னு நீயே சொல்லு,” என்றார்.

“ஆர்கானிக்தானே அக்கா?”

“முழுசா இல்ல. நெலம் மருந்துலேர்ந்து மாறிக்கினு இருக்குது. இது ரெண்டாவது வருஷம். எங்கள்ல ஒருத்தர் வயல ஒருத்தர் பாத்து எழுதி, சான்று குடுக்கறவங்களுக்கு அனுப்பறோம். மாறிக்கினு இருக்குற நெலத்துக்கு ஒரு குறி இருக்குது, முழுசா மாறின பெறவு வேற குறி தருவாங்க.”

அவர் அவ்வளவு தெளிவாகச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. “மாறிக்கிட்டிருக்குன்னு போட்டா எவன் வாங்குவான்? மாறினப்புறம் வர்றேன்னு போயிடுவான். லேபிளை யாரு அக்கா உக்காந்து படிக்கறா? ‘100% ஆர்கானிக்’னு போடறேன், நம்ம முத்திரை ஒண்ணு போடறேன், பாருங்க எப்படி எடுத்துக் காட்டுதுன்னு.” அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். “தொழில் தெரிஞ்சவ நீ,” என்றார். ஐயாயிரம் லேபிள் அச்சடித்தேன். அந்த ஐயாயிரத்துக்கும் நானே பொறுப்பு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லும்போது யாரையாவது துணைக்கு இழுத்துவிடுவேனோ என்ற பயம்தான்.

அதே சமயத்தில் எங்கள் ஊர் வணிகர் சங்கம் ஆண்டு மலர் போட ஏற்பாடு செய்தது. செயலாளர் கடைக்கு வந்து உட்கார்ந்தார். “பசுமை வியாபாரம்னு எல்லாரும் பேசறாங்க. நீங்க லேபிள் தொழில்ல இருக்கறீங்க. நாலு பக்கம் விமர்சனமா ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. எது நெசமான பசுமை விளம்பரம், எது ஏமாத்து, அப்படி. ஆனா மலருக்கு விளம்பரம் குடுக்கறவங்க மனசு நோகாம பாத்துக்குங்க,” என்றார். ஏமாற்றுகிறவர் மனம் நோகாமல் ஏமாற்றைப் பற்றி எழுத வேண்டுமாம். நல்ல வேலைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் பிடித்தது தாம்பூலப் பையை. கல்யாணங்களில் மஞ்சள் நிறத்தில் ஒரு பை கொடுக்கிறார்களே, ‘துணிப்பை பயன்படுத்துவோம், பூமியைக் காப்போம்’ என்று அச்சிட்டு, அதில் பாதிக்கு மேல் துணியே கிடையாது. பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக்கி, நெய்யாமல் அழுத்தி ஒட்டிய தாள் அது. தொட்டால் துணி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நம்பாதவர்கள் ஓரத்தில் ஒரு நூல் அளவு கிழித்து மெழுகுவர்த்தியில் காட்டிப் பார்க்கலாம். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். இது சுருங்கி, உருகி, கறுப்பாகக் கடுகளவு உருண்டையாக நின்றுவிடும். கடையில் நானே அப்படி எரித்துப் பார்த்தேன். நான்கு பையில் மூன்று உருண்டையாகிவிட்டது.

பிறகு எண்ணெய்க்கு வந்தேன். முன்பக்கம் முழுக்க மல்லாட்டைக் கொடி, வயல், சூரிய உதயம். கீழே நகக்கண் அளவு எழுத்தில் ‘கலப்பு தாவர எண்ணெய்’. பொய் என்று சொல்ல முடியாது, எழுதித்தான் இருக்கிறது. இன்னொரு கம்பெனி மூடியை மட்டும் மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்துவிட்டு, பாட்டில் முழுக்கப் பச்சைச் சாயம் பூசிக்கொண்டது. ஒரு செங்கல் சூளைக்காரர் வாசலில் இருபது மரக்கன்று நட்டு, அதைப் படம் பிடித்து நாட்காட்டியில் போட்டார். சூளைப் புகை நாட்காட்டியில் விழவில்லை. இப்படியே எழுதிக்கொண்டு போனேன். இப்போதெல்லாம் அரசாங்கமே நெறிமுறை வகுத்திருக்கிறது, ‘இயற்கை’, ‘பசுமை’, ‘பூமிக்கு நண்பன்’ என்று பொதுவாகப் போட்டால் போதாது, பொருளில் எந்தப் பகுதி, எந்த விதத்தில், என்ன ஆதாரம் என்று சொல்ல வேண்டும் என்றும் எழுதினேன். ஐந்து பக்கம். வாசித்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அந்த ஐந்து பக்கத்தில் என் கடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அக்காவின் எண்ணெயைத் தேடி ஆள் வந்தது அதற்குப் பிறகுதான். வானூர்ப் பக்கம் ஒருவர் இயற்கை விளைபொருள் அங்காடி நடத்துகிறார். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். வருகிற அறுவடையிலிருந்து மாதாமாதம் எண்ணெய் எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்க வந்திருந்தார். அக்கா என்னையும் செக்குக்கு வரச் சொல்லியிருந்தார். பேச்சுத் துணைக்கு.

இந்த ஆர்டர் எவ்வளவு முக்கியம் என்பதை அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தார். “உரம் போடாம வெளைச்சா மூட்ட கொறையுது. கொறஞ்ச மூட்டைய மண்டிக்கு எடுத்துக்கினு போனா, உரம் போட்ட காய்க்கு என்ன வெலையோ அதேதான் இதுக்கும். எத்தினி நாளைக்குத் தாங்குவாங்க? இந்த ஆர்டர் வரலன்னா பாதி பேரு கழண்டுக்குவாங்க. கழண்டா திரும்பி வரமாட்டாங்க.” குழு நிற்பதும் கலைவதும் அந்த மனிதர் தலையாட்டுவதில் இருந்தது.

அவர் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து மோந்தார். திருப்தி முகத்தில் தெரிந்தது. பிறகு பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். லேபிளை யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொன்னவள் பக்கத்தில்தான் நிற்கிறேன். என் முத்திரையின் மேல் விரலை வைத்தார்.

“இந்த முத்திரையை யாருங்க கொடுத்தது?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் பார்வையைச் செக்கின் பக்கம் திருப்பினேன். “அது டிசைனுங்க,” என்றேன்.

“டிசைனா.” முத்திரை மேலிருந்து விரலை எடுத்தார். “நூறு சதவீதம்னு போட்டிருக்கீங்க. இவங்க நெலம் இன்னும் மாற்றத்துல இருக்குன்னு கேள்விப்பட்டேன்.”

“ஆமாங்க, மாறிக்கினு இருக்குது,” என்றார் அக்கா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“அப்ப இது தப்புங்க. மாறாத நெலத்து எண்ணெய்ய ஆர்கானிக்னு நான் விக்க முடியாது. என் கடைக்கு வர்றவங்க கேப்பாங்க.” அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நீங்க ஒருத்தர் வயல ஒருத்தர் பாப்பீங்களாமே. அடுத்து எப்ப பாக்கறீங்க? நானும் வர்றேன். அதப் பாத்துட்டு சொல்றேன்.”

வயல் பார்க்கும் நாள் மாசி மாதத்தில் வந்தது. மல்லாட்டை மஞ்சள் பூ விட்டு, காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கத் தொடங்கியிருந்தது. அவர்களுடைய முறை இது: வயல்காரர் தன் வயலைத் தான் பார்க்கக் கூடாது. வரப்பில் ஓரமாக நிற்க வேண்டும், கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் இறங்கிப் பார்ப்பார்கள். வரப்புப் புல் களைக்கொல்லி பட்டது போலக் கருகியிருக்கிறதா, பக்கத்து வயல்காரர் அடிக்கிற மருந்து காற்றில் வந்து விழாதபடி ஓரத்தில் இடம் விட்டிருக்கிறதா, கொட்டகையில் என்ன டப்பா, என்ன பை கிடக்கிறது. குழுவில் ஒரு பெண் நோட்டில் எழுதுவார், பிறகு எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். கடைசியில் அக்காவின் வயலுக்கு வந்தோம். வானூர்க்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

எனக்கு வெயில் தாங்கவில்லை. மற்றவர்கள் வரப்பைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் குடிக்கலாம் என்று மோட்டார் கொட்டகைக்குள் போனேன். சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு விதைப்பை. வெறும் பை, உள்பக்கம் முழுக்க ரோஸ் நிறப் பொடி ஒட்டியிருந்தது.

அது என்னவென்று எனக்குச் சட்டென்று தெரிந்தது. ஒரு விதைக் கடைக்கு நான் லேபிள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். விதை மண்ணில் அழுகாமல் இருக்கப் பூஞ்சாண மருந்து பூசுவார்கள், பூசியது தெரிவதற்காகச் சாயமும் சேர்ப்பார்கள். மாறிக்கொண்டிருக்கிற நிலத்தில் மருந்து பூசிய விதை கூடாது. பையின் மேலேயே எச்சரிக்கை இருந்தது: உணவுக்கும் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் பயன்படுத்தக் கூடாது. இவ்வளவு பட்டவர்த்தனமாக நான் ஒரு லேபிள்கூட எழுதியதில்லை.

வெளியே பேச்சுக்குரல் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவி வயலிலேயே இது கிடந்தால் வானூர்க்காரர் அப்படியே திரும்பிப் போவார், ஆர்டர் போகும், குழு கலையும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பையை ஆணியிலிருந்து எடுத்தேன், இரண்டாக மடித்தேன், பயிருக்கு ஊற்றுவதற்காகச் சாணியும் வெல்லமும் ஊறிக்கொண்டிருந்த நீல டிரம்முக்குப் பின்னால் செருகினேன். கையில் ஒட்டிய ரோஸ் பொடியைப் புடவையில் துடைத்தேன். வீட்டு மேசையில் ஐந்து பக்கக் கட்டுரை கிடக்கிறது, ஏமாற்று விளம்பரத்தைக் கிழிகிழியென்று கிழித்து எழுதியது. அந்தக் கைதான் இதையும் செய்தது.

அவர்கள் உள்ளே வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், டிரம்மைத் திறந்து மோந்தார்கள், வெளியே போனார்கள். “கொட்டா சரி,” என்றார் ஒருவர். எழுதுகிற பெண் ‘சரி’ என்று எழுதக் குனிந்தார்.

“எழுதாத,” என்றார் வரப்பிலிருந்து அக்கா. கேட்காமல் பேசக் கூடாது என்ற முறையை வைத்ததே அவர்தான். எல்லாரும் திரும்பினோம். “ஆணில மாட்டி வெச்சிருக்கறத பாத்துட்டுத்தான் சரின்றீங்களா?”

“ஆணில ஒண்ணும் இல்லியேக்கா,” என்றார் எழுதுகிற பெண்.

அக்காவின் முகம் மாறியது. விறுவிறுவென்று கொட்டகைக்குள் போய் ஆணியைப் பார்த்தார், நாங்களும் பின்னாலேயே போனோம். பிறகு அங்கேயே நின்று சொன்னார். விதைத்த சில நாளில் மழை அடித்து ஒரு பக்கம் முளைக்காமல் போய்விட்டது. ஊன்றிச் சரிசெய்யக் கையில் சொந்த விதை இல்லை. அவர் வீட்டுக்காரர் கடையில் விதை வாங்கிவந்து, இவர் செக்கில் இருந்த நேரத்தில் ஊன்றி முடித்துவிட்டார். மருந்து பூசிய விதை என்று அவர் யோசிக்கவே இல்லை. “மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. தலைவின்னு பேரு. வாயத் தொறந்து சொல்ல நாக்கு எழும்பல. சரி, பாக்க வர்றவங்க கண்ணுல படட்டும்னுட்டு ஆணில மாட்டினேன். பாத்துட்டும் எனக்காக வுட்டுட்டீங்கன்னு நெனச்சேன்.”

குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். போன வருஷம் வரப்பில் களைக்கொல்லி அடித்தார் என்று அவர் நிலத்தை முதலிலிருந்து தொடங்க வைத்தவர் அக்கா. அவர் கொட்டகையைத் துழாவி, டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுப் பையை இழுத்தார். “ஆணில மாட்டின பை இங்க எப்படி வந்துது? நீயே ஒளிச்சு வெச்சிக்கினு, அகப்பட்டுக்குவமோன்னு இப்ப நாயம் பேசறியா?”

அக்கா அவர் கையிலிருந்த பையையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லார் பார்வையும் அக்கா மேல் இருந்தது, வானூர்க்காரர் பார்வையும்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்த எண்ணமும் வந்தது, மறைப்பானேன்.

“நான்தான் எடுத்து வெச்சேன்,” என்றேன். “அக்காவுக்குத் தெரியாது. ஆர்டர் போயிடுமேன்னு பயந்து வெச்சேன்.” புடவையில் இருந்த ரோஸ் கறையைக் காட்டினேன். அவ்வளவு அசிங்கமாக என் வாழ்நாளில் நான் நின்றதில்லை.

வானூர்க்காரர் என்னை நிதானமாகப் பார்த்தார். “முத்திரையும் நீங்க. இதுவும் நீங்க,” என்றார்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்து குழு முடிவெடுத்தது. அக்காவின் அந்த வயல் முதல் வருஷத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். இந்தப் பருவத்துக் காய் குழுவின் செக்குக்கு வரக் கூடாது, தனியாக மண்டிக்குப் போக வேண்டும். பெரியவருக்கு என்ன தண்டனையோ அதேதான். அக்கா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

“பேப்பர்ல எல்லாம் சரின்னு வந்திருந்தா எனக்கு சந்தேகம் போயிருக்காது. இப்ப போயிடுச்சு,” என்றார் வானூர்க்காரர். “மத்தவங்க காய்ல ஆட்டின எண்ணெய நான் எடுத்துக்கறேன். ஆர்கானிக்னு வேணாம். மாறிக்கிட்டிருக்குற நெலம்னு இருக்கறத இருக்கறபடி போடுங்க. ஆனா ஒண்ணு, லேபிள இந்தம்மா எழுத வேணாம்.”

எனக்கு அது வேண்டியதுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அவளே எழுதட்டுங்க,” என்றார் அக்கா. “நான் பக்கத்துல குந்திக்கினு இருக்கறேன்.”

வீட்டுக்கு வந்து ஐந்து பக்கத்தையும் கிழித்தேன். அதில் எழுதியது பொய் என்பதற்காக இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குற்றம் எல்லாம் வேறு யாரோ பெரிய கம்பெனிக்காரர்கள் செய்வதாக எழுதியிருந்தேன், அதுதான் கோளாறு. ஏமாற்றுப் பசுமையில் பாதி, கெட்ட எண்ணத்தில் பிறப்பதில்லை. நல்ல சரக்கு, நல்ல மனிதர், விற்றால் அவர்களுக்கு நல்லது, ஒரு சொல் கூடுதலாகப் போட்டால் என்ன என்ற இடத்தில் பிறக்கிறது. நான் அக்காவின் எண்ணெய்க்கு ‘100%’ போட்டது அப்படித்தான். பையை மடித்துச் செருகியதும் அப்படித்தான். கலப்பு எண்ணெய்க்காரரிடம் கேட்டால் அவரும் ஏதாவது ஒரு நல்ல காரணம் வைத்திருப்பார்.

புதிதாக எழுதியதில் இன்னொன்றையும் சேர்த்தேன். விளம்பரம் உண்மையா என்று பார்க்க நான் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். அதில் விற்பவருக்கு வலிக்கிற வரி ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுவேன். எல்லா வரியும் சரக்கைப் புகழ்ந்தால் எனக்கு நம்பிக்கை வராது. எது இன்னும் செய்யவில்லை, எது முடியவில்லை என்று ஒரு இடத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்கிறவரைத் தவிர இன்னொருவர் போய்ச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும், அந்த இன்னொருவர் சம்பளம் வாங்குகிற ஆளாக மட்டும் இருந்தால் போதாது. இதிலும் ஒரு அநியாயம் இருக்கிறது, அதையும் எழுதினேன். சான்று வாங்க வசதியில்லாத சிறு விவசாயி நிஜமாகவே மருந்தடிக்காமல் விளைவித்தும் வாய் திறக்க முடியாமல் நிற்கிறார், வசதி உள்ளவர் காகிதத்தை வாங்கி நெற்றியில் ஒட்டிக்கொள்கிறார். ஆகவே காகிதமும் முழு விடை இல்லை. பக்கத்து வயல்காரர் கொட்டகைக்குள் வந்து பார்ப்பது காகிதத்தைவிடக் கடினம். நான் அதைத்தான் கெடுக்கப் பார்த்தேன் என்றும் எழுதி, பை கதையை என் கதையாகவே போட்டேன். செயலாளர் படித்துவிட்டு, “உங்க மானத்த நீங்களே வாங்கறீங்களே,” என்றார். விளம்பரதாரர் யாருடைய மனமும் நோகாததால் அப்படியே அச்சேற்றினார்.

சித்திரைக் கடைசியில் புதுக் காய்க்குச் செக்கு ஓடத் தொடங்கியதும் அக்கா கடைக்கு வந்தார். சொன்னபடியே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் வயல் காய் அதற்கு முந்தின வாரம் திண்டிவனம் மண்டிக்குப் போய்விட்டிருந்தது, மற்ற காய்களோடு காயாக. அவர் ஓடியாடி வாங்கின ஆர்டரில் அவருடைய எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது.

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மரச்செக்கு மல்லாட்டை எண்ணெய். நிலம் மாறிக்கொண்டிருக்கிறது, இன்னும் முழுதாக மாறவில்லை. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடவில்லை என்பதைக் குழுவினர் ஒருவர் வயலை ஒருவர் பார்த்து எழுதிய நோட்டு செக்கில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். பாட்டில் பிளாஸ்டிக்தான், அதற்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை.

“இன்னொண்ணு போடு,” என்றார். “இந்த வருஷம் குழுத் தலைவி வயல்ல மருந்து பூசின வெத ஊனிட்டாங்க, அந்தக் காயி இதுல சேக்கலன்னு போடு.”

“அதெல்லாம் வேணாம்க்கா. எந்தச் சட்டமும் அதக் கேக்கல. கலக்கவே இல்லாததப் பத்தி எதுக்கு எழுதணும்? படிக்கறவங்க பயந்துக்குவாங்க.”

“மறைக்கறதுலயே இருக்கற நீ,” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “அன்னிக்கு நீ ஒளிச்சது எனக்காகத்தான்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு நான் கோவிச்சுக்கல. ஆனா அவங்க வெளிய வந்து சரின்னு சொன்னாங்க பாரு, அப்ப ஒரு நொடி, கம்முனு இருந்துடலாமேன்னு எனக்கு ஆச வந்துடுச்சு. மூணு வாரம் தூங்காம கெடந்தும் எனக்கு அந்த ஆச வந்ததில்ல. நீதான் வர வெச்ச.”

அவர் கேட்ட வரியைத் தட்டச்சு செய்தேன். அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு தரம் படித்தார், எழுத்து சிறியதாக இருக்கிறது, பெரிசு பண்ணு என்றார்.